போத்தலின் பின்பக்கத்தை வாசியுங்கள்: பொடுகு ஷாம்பூவில் எது மருந்து, எது வாசனை?

கிளிநொச்சியில் சித்தி வீட்டுக் கிணற்றுக்கட்டில் மூன்று ஷாம்பூ போத்தல்கள் வரிசையாக இருந்தன. ஒன்று பச்சை நிறம். அதில் வேப்பிலையும் தேசிக்காயும் படமாக இருந்தன. இரண்டாவது வெள்ளைப் போத்தல், கிளிநொச்சி ரவுணில் வாங்கியது. மூன்றாவதும் அதே நிறுவனத்தின் அதே பெயர் கொண்ட வெள்ளைப் போத்தல்தான். ஆனால் எழுத்துகள் பிரெஞ்சு மொழியில் இருந்தன. பரிசிலிருக்கும் மாமா பார்சலில் அனுப்பியது.

மூன்றும் சித்தியின் மகளுடையவை. அவளுக்கு 27 வயது, ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. விடியற்காலையில் பஸ் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடும். கடும் நீல நிறச் சீருடையின் தோளில் விழும் வெள்ளைச் செதில்களைத் தட்டித் தட்டியே அவளுக்கு அலுத்துவிட்டது. "நான் ஒவ்வொரு நாளும் முழுகிறனான் அக்கா. ஆனா பக்கத்து மெஷினில இருக்கிறவை நான் ஊத்தையெண்டு நினைக்கினம்" என்றாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டிவிடலாமா என்றும் கேட்டாள். முந்தைய ஐந்து மாதங்களில் நான்கு வகை ஷாம்பூ வாங்கியிருந்தாள். தொழிற்சாலைச் சம்பளத்தில் அது சிறிய காசு அல்ல.

நான் படித்தது ஊடகக் கற்கைகள். மருத்துவம் அல்ல. விளம்பரங்களைப் பிரித்துப் பார்ப்பதுதான் எனக்குக் கற்பிக்கப்பட்டது. அந்தப் பழக்கத்தில்தான் மூன்று போத்தல்களையும் திருப்பிப் பின்பக்கத்தை வாசித்தேன். முன்பக்கத்தில் மூன்றும் ஒன்றையே சொல்லின: பொடுகை நீக்கும். பின்பக்கத்தில் மூன்றும் மூன்று வெவ்வேறு பொருட்கள்.

அவற்றை விளங்கிக்கொள்ள, பொடுகு ஏன் வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். எங்கள் எல்லோருடைய தலைத்தோலிலும் மலசீசியா என்ற நுண்ணிய பூஞ்சை வாழ்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ற் வகை அது. தனக்குத் தேவையான கொழுப்பை அதனால் தானே செய்துகொள்ள முடியாது. ஆகவே தலைத்தோல் சுரக்கும் எண்ணெயை உடைத்து உண்கிறது. அப்படி உடைக்கும்போது ஒலெயிக் அமிலம் போன்ற கொழுப்பமிலங்கள் மிஞ்சுகின்றன. சிலருடைய தோல் இதைப் பொறுத்துக்கொள்ளும். சிலருடைய தோல் எரிச்சலடைந்து அவசர அவசரமாகப் புதிய கலங்களை உருவாக்கும். பழைய கலங்கள் தனித்தனியாக உதிராமல் கட்டி கட்டியாகக் கழன்று விழும். அதுதான் பொடுகு.

ஆகவே பொடுகு ஊத்தையால் வருவதில்லை. முழுகாததால் வரும் நோயும் அல்ல. தங்கை நாளாந்தம் முழுகியும் அது போகாததற்கு இதுதான் காரணம். பூஞ்சையை அடக்கும் பொருள் அந்த ஷாம்பூவில் இருக்க வேண்டும், அது தோலில் போதிய நேரம் நிற்கவும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் எத்தனை முறை முழுகினாலும் செதில் கழுவுப்படுமே தவிர, அதன் காரணம் அங்கேயே இருக்கும்.

இப்போது போத்தல்களுக்கு வருவோம்.

பச்சைப் போத்தலின் பட்டியலில் முதலில் தண்ணீர், பிறகு நுரை தரும் கழுவுபொருட்கள், பிறகு தடிப்பாக்கும் பொருட்கள், அதன் பின் வாசனை. வாசனைக்கும் பின்னால், கடைசி வரிகளில், வேப்பிலைச் சாறும் தேசிக்காய்ச் சாறும் இருந்தன. இந்தப் பட்டியல்களை வாசிக்க ஒரு விதி இருக்கிறது. அதிகமாக உள்ள பொருள் முதலிலும் குறைவாக உள்ளது பின்னாலும் எழுதப்படும். 1 வீதத்துக்குக் குறைவானவற்றை மாத்திரம் எந்த ஒழுங்கிலும் எழுதலாம். ஷாம்பூவில் வாசனைப் பொருள் பெரும்பாலும் 1 வீதத்தை அண்டியோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். எனவே வாசனைக்குப் பின்னால் எழுதப்பட்ட மூலிகைச் சாறு பெரும்பாலும் ஒரு துளிதான். அந்தப் போத்தலில் பூஞ்சையை அடக்கும் மருந்துப் பொருள் எதுவுமே இருக்கவில்லை. நல்ல மணமுள்ள சாதாரண ஷாம்பூ அது.

மூலிகை என்பதால் நான் இதைச் சொல்லவில்லை. தேயிலை மர எண்ணெயை 5 வீதம் கலந்த ஷாம்பூ பொடுகைக் குறைத்ததாக 2002இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. ஆனால் அது 5 வீதம். கடையில் கிடைக்கும் போத்தலில் எத்தனை வீதம் என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதப்படாவிட்டால் அந்த ஆய்வின் பலனை அந்தப் போத்தலிடம் எதிர்பார்க்க முடியாது.

கிளிநொச்சியில் வாங்கிய வெள்ளைப் போத்தலில் சிங்க் பைரித்தியோன் இருந்தது. உலகில் அதிகம் பாவிக்கப்பட்ட பொடுகு மருந்து இதுதான். சாதாரண கடை ஷாம்பூக்களில் பெரும்பாலும் 1 வீதம் அளவில் சேர்ப்பார்கள். தண்ணீரில் கரையாத வெள்ளைத் தூள் அது. ஆகவே அது சேர்ந்த ஷாம்பூ பால் போலவோ முத்து மினுக்கத்துடனோ இருக்கும். கண்ணாடி போல மறுபக்கம் தெரியும் ஷாம்பூவில் இது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கழுவிய பின்னும் இதன் நுண்ணிய துகள்கள் தலைத்தோலில் ஒட்டி நிற்கும். அதன் வேலையே அப்படி நிற்பதில்தான் இருக்கிறது. வாங்கும்போது 'பைரித்தியோன்' என்ற சொல்லையே தேடுங்கள். சிங்க் என்று தொடங்கும் வேறு உப்புகளும் ஷாம்பூக்களில் சேர்க்கப்படுகின்றன. அவை இந்த மருந்து அல்ல.

பரிசிலிருந்து வந்த போத்தலில் சிங்க் பைரித்தியோன் இல்லை. அதற்குப் பதிலாகப் பைரொக்டோன் ஒலமைன் இருந்தது. தங்கைக்கு இது நம்ப முடியாமல் இருந்தது. "வெளிநாட்டுச் சாமானெண்டா இன்னும் ஸ்ட்ரோங்கா இருக்குமெண்டெல்லோ நான் நினைச்சனான்" என்றாள். பார்சல் வரும் எல்லா வீடுகளிலும் இந்த நினைப்பு இருக்கிறது. நடந்தது வேறு. 2022 மார்ச் 1ஆம் திகதியிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அழகுசாதனப் பொருட்களில் சிங்க் பைரித்தியோன் சேர்ப்பது தடைசெய்யப்பட்டது. விலங்குகளில் செய்த பரிசோதனைகளை வைத்து, இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யக்கூடியது என்ற வகுப்பில் அதனைச் சேர்த்தார்கள். அந்த வகுப்பில் சேர்ந்த பொருளுக்கு வேறு மாற்று இருந்தால் விலக்கு கிடைக்காது என்பது அங்குள்ள சட்டம். கழுவி விடும் ஷாம்பூவில் 1 வீதம் வரை பாதுகாப்பானது என்றே ஒன்றியத்தின் அறிவியல் குழு சொல்லியிருந்தது. ஆனாலும் மாற்றுகள் இருந்ததால் தடை வந்தது. அமெரிக்காவில் இன்றும் அது அனுமதிக்கப்பட்ட மருந்து.

இதனால் ஒரே பெயர் பல மருந்துகளைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. ஹெட் அன்ட் ஷோல்டர்ஸ் இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்காவில் விற்கப்படும் அதன் வழமையான போத்தலில் சிங்க் பைரித்தியோன். அங்கேயே 'கிளினிக்கல் ஸ்ட்ரெங்த்' என்று விற்கப்படுவதில் செலினியம் சல்பைட். ஐரோப்பாவில் அதே பெயரில் பைரொக்டோன் ஒலமைன். ஆகவே "அந்த ஷாம்பூ எனக்குச் சரிவரயில்லை" என்று ஒருவர் சொன்னால், எந்த நாட்டுப் போத்தல், உள்ளே என்ன இருந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. பைரொக்டோன் ஒலமைனும் வேலை செய்யும் மருந்துதான். வெளிநாட்டில் வாங்கியது என்பது மாத்திரம் அதற்குக் கூடுதல் பலம் தராது.

அப்படியென்றால் தங்கையின் கிணற்றுக்கட்டில் இரண்டு சரியான போத்தல்கள் இருந்திருக்கின்றன. பின் ஏன் பொடுகு போகவில்லை?

எப்படிப் போடுகிறாய் என்று கேட்டேன். கையில் ஊற்றி, பின்னலின் நீளத்துக்கும் தேய்த்து, நுரை வந்தவுடன் வாளித் தண்ணீரை ஊற்றிவிடுவதாகச் சொன்னாள். அரை நிமிடம்கூட இராது. ஒரு கிழமை ஒரு போத்தல், மறு கிழமை வேறு போத்தல். முழுகுவதற்கு முதல் நாள் இரவு சித்தி நல்லெண்ணெய் வைத்து விடுவா. இடையில் யாரோ சொன்னதைக் கேட்டுத் தேசிக்காயும் தேய்த்திருக்கிறாள்.

எண்ணெய் பற்றிச் சொன்னபோது சித்திக்குக் கோபமே வந்துவிட்டது. எண்ணெய் வைத்தால் பொடுகு குறைவதை அவ கண்ணால் கண்டிருக்கிறா. அது உண்மைதான். எண்ணெய் செதில்களை ஊறவைத்து ஒட்டிவிடும், ஒரு நாள் இரண்டு நாள் உதிர்வது தெரியாது. ஆனால் மலசீசியா எண்ணெயில் வாழ்வது. ஆய்வுகூடத்தில் அதனை வளர்ப்பதற்கே ஒலிவ் எண்ணெய் சேர்க்கிறார்கள். இரவு முழுவதும் எண்ணெய் தலையில் ஊறினால் பூஞ்சைக்கு அது சாப்பாடு. சிகிச்சை நடக்கும் கிழமைகளில் மாத்திரமாவது தலைத்தோலில் எண்ணெய் வைக்காமல் விடச் சொன்னேன். வேண்டுமென்றால் மயிரின் நுனிப்பக்கத்துக்குச் சிறிது பூசலாம். தேசிக்காயை முற்றாக விடச் சொன்னேன். எரிச்சலடைந்த தோலை அது மேலும் எரிக்கும், சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கருமையாகப் பொங்கவும் கூடும்.

பிறகு நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். புதிதாக எதுவும் வாங்குவதில்லை. கிளிநொச்சிப் போத்தலை, சிங்க் பைரித்தியோன் உள்ளதை, நான்கு கிழமை ஒழுங்காகப் பாவித்துப் பார்ப்பது. இப்படி முடிவு செய்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. கடும் பொடுகு உள்ள 331 பேரை வைத்து, 2 வீதக் கீற்றோகொனசோல் ஷாம்பூவையும் 1 வீதச் சிங்க் பைரித்தியோன் ஷாம்பூவையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. நான்கு கிழமை முடிவில் முதலாவது 73 வீத முன்னேற்றத்தையும் இரண்டாவது 67 வீத முன்னேற்றத்தையும் காட்டின. கீற்றோகொனசோல் முந்தியது, அதனை நிறுத்திய பிறகு பொடுகு திரும்பியதும் குறைவு. ஆனால் கையிலுள்ள போத்தலை எறிந்துவிட்டுப் பாமசிக்கு ஓடும் அளவுக்கு அந்த இடைவெளி பெரிதல்ல.

முறை இதுதான். தலையை நன்றாக நனைத்து, வகிடு வகிடாகப் பிரித்து, ஷாம்பூவை விரல்நுனியால் தோலில் தேய்க்க வேண்டும். காதுக்குப் பின்னாலும் நெற்றி மயிர் ஓரத்திலும் மறக்கக் கூடாது. நகத்தால் விறாண்டக் கூடாது. பிறகு கைத்தொலைபேசியில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம் என்பது கிணற்றடியில் நிற்கும்போது மிக நீளமானது. தங்கை அந்த நேரத்தில் உடுப்பு அலசிக்கொண்டாள். கழுவிய பின் மயிரின் நீளத்துக்கு வேறு ஷாம்பூ போடலாம். பொடுகு ஷாம்பூ தோலுக்குத்தான், பின்னலுக்கு அதைச் செலவழிக்கத் தேவையில்லை. பச்சைப் போத்தல் இந்த வேலைக்கு உதவியது.

ஞாயிறும் புதனும் என்று இரண்டு நாள் வைத்தாள். இரண்டாவது கிழமையில் இரவுச் சொறிச்சல் குறைந்தது. பொதுவாக முதலில் குறைவது அதுதான். செதில் பின்னால்தான் குறையும். மூன்றாவது கிழமையும் சீப்பில் செதில் வந்ததால் விட்டுவிடப் பார்த்தாள். நான்காவது கிழமை முடிவில் உச்சந்தலை நன்றாக இருந்தது. ஆனால் காதுக்குப் பின்னாலும் புருவத்திலும் சிவப்பும் மஞ்சள் நிற எண்ணெய்ச் செதிலும் நின்றன. சாதாரண பொடுகை விடச் சற்றுக் கூடிய நிலை இது.

இந்த இடத்தில்தான் மருந்தை மாற்றினோம். யாழ்ப்பாணத்தில் மருந்தாளராக இருக்கும் என் நண்பி சொன்னது இங்கே பயன்பட்டது. போத்தலை மாற்றுவதல்ல, மருந்தின் வகையை மாற்றுவதே மாற்றம் என்றாள் அவள். இன்னொரு நிறுவனத்தின் சிங்க் பைரித்தியோனை வாங்கினால் நிறம்தான் மாறும். அதேபோல கிளைம்பசோல் என்பதும் கீற்றோகொனசோல் என்பதும் ஒரே குடும்பம். இரண்டும் பூஞ்சையின் கலச்சுவருக்குள் இருக்கும் மென்சவ்வுக்கு வேண்டிய கொழுப்பை உருவாக விடாமல் தடுப்பவை. ஒன்றில் பலனில்லாவிட்டால் மற்றையதற்குப் போவது பெரிய மாற்றம் அல்ல.

தங்கை பாமசியில் 2 வீதக் கீற்றோகொனசோல் ஷாம்பூ வாங்கினாள். இது மருந்தாக விற்கப்படுவதால் வீதம் முன்பக்கத்திலேயே எழுதியிருக்கும். 1 வீதத்திலும் இது வருகிறது, வாங்கும்போது கவனியுங்கள். 100 மில்லி லீற்றர் போத்தல். ஒரு முறைக்கு இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மில்லி லீற்றர். கிழமைக்கு இரண்டு தரம் நான்கு கிழமைக்கு 80 மில்லி லீற்றர். மிச்சம் 20 மில்லி லீற்றரை இரண்டு கிழமைக்கு ஒரு தரம் என்று வைத்தால் மேலும் ஒரு மாதம் வரும். ஒரு போத்தல் இரண்டு மாதம். சாதாரண ஷாம்பூவை விட விலை கூடியதுதான். ஆனால் ஐந்து மாதத்தில் நான்கு போத்தல் என்ற அவளுடைய பழைய கணக்கோடு வைத்துப் பார்த்தால் நட்டமில்லை. மூன்றாவது கிழமையில் காதுக்குப் பின்னால் சிவப்பு அடங்கியது.

செலினியம் சல்பைட் பற்றியும் சொல்ல வேண்டும். 1 வீதத்திலும் 2.5 வீதத்திலும் வரும் பழைய மருந்து. நன்றாகக் குலுக்கி, இரண்டு மூன்று நிமிடம் வைத்து, மற்றவற்றை விட அதிக தண்ணீரில் அலச வேண்டும். நரைத்த அல்லது சாயம் பூசிய மயிரின் நிறத்தை மாற்றிவிடலாம். தோடு, சங்கிலி, மோதிரத்தைக் கழற்றிவிட்டே பாவியுங்கள், நகை கறுத்துப்போகும். சலிசிலிக் அமிலம் வேறு விதமானது. பூஞ்சையை அடக்குவதை விடத் தடித்து ஒட்டிய செதிலைக் கழற்றுவதே அதன் வேலை. 2, 3 வீதத்தில் இருந்தால்தான் அந்தப் பலன். அரை வீதமளவில் அது பழுதாகாமல் காக்கும் பொருளாகவே சேர்க்கப்படுகிறது. ஆகவே பட்டியலின் வாலில் அதன் பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம்.

விளம்பரங்களைப் பற்றி ஒரு வார்த்தை, எனது துறை அது என்பதால். 'நூற்றுக்கு நூறு பொடுகில்லை' என்று பெரிய எழுத்தில் வந்தால், திரையின் அடியில் ஓடும் சிறிய எழுத்தைப் பாருங்கள். 'வரை' என்ற சொல் இருக்கும். குறிப்பிட்ட தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் செதில் என்று இருக்கும். தொடர்ந்து பாவித்தால் என்று இருக்கும். மூன்றையும் சேர்த்தால் வாக்குறுதி மிகச் சிறியதாகிவிடும். அது பொய் என்று வழக்குப் போடவும் முடியாது, உண்மை என்று நம்பிக் காசு கொடுக்கவும் முடியாது.

எல்லாச் செதிலும் பொடுகு அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரில் தலைக்குச் சவர்க்காரம் போட்டால் வெள்ளைப் படிவு மயிரில் நிற்கும். ஷாம்பூவுக்கு மாறினால் அது போய்விடும். விரலால் இழுத்தாலும் மயிரை விட்டு அசையாத வெள்ளைப் புள்ளி ஈர். பேனுக்கு வேறு மருந்து. வெள்ளி போலத் தடித்த செதில் நெற்றி மயிர் ஓரத்தைத் தாண்டி வந்து, முழங்கையிலும் முழங்காலிலும் அதுவே இருந்தால் அது சொரியாசிஸாக இருக்கலாம். பூப்பெய்தாத வயதுப் பிள்ளைகளுக்குத் தலைத்தோலில் எண்ணெய்ச் சுரப்புக் குறைவு, ஆகவே பொடுகும் அரிது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குச் செதிலோடு வட்டமாக மயிர் உதிர்ந்தால், அல்லது மயிர் முறிந்து கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தால், ஷாம்பூவில் காலம் கடத்தாதீர்கள். அது தலையில் வரும் படையாக இருக்கக்கூடும். அதற்கு வாயால் எடுக்கும் மருந்து வேண்டும், பிந்தினால் அந்த இடத்தில் மயிர் திரும்ப முளைக்காமலும் போகலாம். ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் மருந்து ஷாம்பூ வாங்க முன் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். புருவத்திலும் மூக்கோரத்திலும் சிவப்பு இருக்கிறது என்று பாமசியில் கேட்டுக் களிம்பு வாங்குபவர்களும் கவனமாக இருக்க வேண்டும். பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற ஸ்ரெரொயிட் களிம்புகள் இரண்டு நாளில் சிவப்பை மறைத்துவிடும். தொடர்ந்து பூசினால் முகத்தோல் மெலிந்துவிடும்.

தங்கை இரண்டு மாதம் நன்றாக இருந்தாள். பிறகு மாறிவிட்டது என்று எல்லாவற்றையும் நிறுத்தினாள். ஏழாவது கிழமையில் தொலைபேசி எடுத்தாள். "திரும்பவும் தொடங்கீற்றுது அக்கா, இந்த மருந்தும் சரியில்லைப் போல." மருந்து சரிதான். பூஞ்சையை எந்த ஷாம்பூவும் நிரந்தரமாக அகற்றாது, அது தலைத்தோலின் வாசி. அடக்கி வைப்பதை நிறுத்தினால் திரும்பப் பெருகும். இரண்டு கிழமைக்கு ஒரு தரம் என்ற முழுக்கை விடாமல் வைத்திரு என்றேன். கீற்றோகொனசோல் போத்தல் முடிந்தால் அந்த ஒரு முழுக்குக்குக் கிளிநொச்சிப் போத்தலே போதும், காசு மிஞ்சும்.

பரிசுப் போத்தலைச் சித்தி இப்போது பாவிக்கிறா. எண்ணெய் வைத்த மறுநாள், ஐந்து நிமிடம் வைத்து.